அபார்ட்மெண்ட்டில் பிளக் இல்லை: மின்சாரக் கார் சரிப்படுமா?

என் தங்கையும் மாப்பிள்ளையும் பெருங்குடியில் ஒரு வாடகை ஃபிளாட்டில் இருக்கிறார்கள். அவர்களுடைய பழைய பெட்ரோல் காரை மாற்றும் நேரம் வந்துவிட்டது. "அண்ணா, நீ ரெண்டு வருஷமா மின்சாரக் கார் ஓட்டுற. எங்க பார்க்கிங்ல பிளக்கே கிடையாது. எங்களுக்குச் சரிப்படுமா?" என்று கேட்டாள். வேளச்சேரியில் என் அபார்ட்மெண்ட்டிலும் முதல் ஏழு மாதம் பிளக் கிடையாது. வெளியே பொதுச் சார்ஜரில் ஏற்றியேதான் ஓட்டினேன். அதன் பிறகே என் பார்க்கிங்கில் ஒரு சாக்கெட் வந்தது. இரண்டு வாழ்க்கையையும் பார்த்தவன் என்பதால் அவளுக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் போகும்?" என்பதுதான். சொந்தச் சார்ஜிங் இடம் இல்லாதவர் அதற்கு முன்னால் வேறு ஒன்றைக் கேட்க வேண்டும்: ஒரு வாரத்துக்கு எத்தனை யூனிட் தேவை, அதை ஏற்றும் நேரத்தில் நான் எங்கே இருப்பேன்? விடை பெரும்பாலும் இந்தக் கேள்வியிலேயே இருக்கிறது.

மாப்பிள்ளையின் அலுவலகம் சிறுசேரியில். போக வர 44 கிலோமீட்டர். வாரத்தில் ஐந்து நாளைக்கு 220. சனி ஞாயிறில் தாம்பரத்தில் இருக்கும் மாமியார் வீடு, கடைத்தெரு, பெசன்ட் நகர் என்று ஒரு 60. ஆக வாரம் 280 கிலோமீட்டர். பழைய மகாபலிபுரம் சாலை நெரிசலில் ஏசி போட்டு ஓட்டினால், சுமாரான அளவுள்ள ஒரு மின்சார எஸ்.யூ.வி. யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் தரும் என்பது என் அனுபவம். விளம்பரத்தில் போடும் எண்ணை மறந்துவிடலாம். 280-ஐ ஆறரையால் வகுத்தால் வாரத்துக்கு 43 யூனிட் வருகிறது.

இப்போது அந்த 43 யூனிட்டை எங்கே ஏற்றுவது? வீட்டில் இல்லையென்றால் முதல் வழி, நேர்மின்னோட்டத்தில் வேகமாக ஏற்றும் பொது இடத்து டி.சி. சார்ஜர். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. 40 யூனிட் பேட்டரி என்றால் ஒரே தடவையில் 40 யூனிட்டையும் வேகமாக ஏற்ற முடியாது. 80 சதவீதத்தைத் தாண்டியதும் பேட்டரியைக் காப்பாற்றுவதற்காகக் கார் தானே வேகத்தைக் குறைத்துவிடும். கடைசி 20 சதவீதத்துக்கு, முதல் அறுபதுக்கு ஆன நேரத்தில் பெரும்பகுதி மறுபடியும் ஆகும். பின்னால் இன்னொருவர் காத்திருக்கும்போது அதைச் செய்வதும் நியாயமில்லை. கீழேயும் 20 சதவீதத்துக்குக் கீழ் போக மனம் வராது, ஏனென்றால் போய்ச் சேர்ந்த இடத்தில் சார்ஜர் வேலை செய்யாவிட்டால் அடுத்த இடத்துக்குப் போகக் கையிருப்பு வேண்டும். ஆக, கையில் கிடைப்பது இருபதிலிருந்து எண்பது வரை, அதாவது 24 யூனிட். 43 யூனிட் வேண்டுமென்றால் வாரத்துக்கு இரண்டு தடவை போயாக வேண்டும்.

ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம்? சார்ஜரில் 60 கிலோவாட் என்று எழுதியிருக்கும். துப்பாக்கி மாதிரிக் காரில் செருகும் முனை இரண்டு இருக்கும், இரண்டிலும் கார் நின்றால் பல இயந்திரங்களில் ஆளுக்கு முப்பதுதான். அந்த வேகத்தில் 24 யூனிட் ஏற ஒரு மணி நேரத்தை ஒட்டி ஆகிறது. மே மாத வெயிலில் பேட்டரி சூடாக இருந்தால் இன்னும் இழுக்கும். போக வர, காத்திருக்க ஒரு இருபது நிமிடம் சேர்த்தால் ஒரு மணி இருபது நிமிடம். வாரம் இரண்டு மணி நாற்பது நிமிடம். வருடத்துக்குப் பார்த்தால் 140 மணி நேரத்தை ஒட்டி வருகிறது.

பணக் கணக்கையும் போட்டுவிடலாம். பொதுச் சார்ஜரில் வரியோடு யூனிட்டுக்கு 22 ரூபாய் என்று எடுத்துக்கொள்கிறேன். இடத்துக்கு இடம் மாறும். ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து 46 யூனிட் என்றால் வாரம் 1,010 ரூபாய் பக்கம். அதே 280 கிலோமீட்டருக்கு, நெரிசலில் லிட்டருக்கு 14 கொடுக்கும் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் 20 லிட்டர் குடிக்கும். லிட்டர் 101 ரூபாய் என்றால் 2,020. பொதுச் சார்ஜரிலேயே முழுக்க ஏற்றினாலும் வாரம் ஆயிரம் ரூபாய், வருடத்துக்கு 52,000 ரூபாய் மிச்சம். "வெளியே சார்ஜ் செய்தால் பெட்ரோலும் இதுவும் ஒன்றுதான்" என்று சொல்பவர்கள் நெடுஞ்சாலை விலையையும் நெடுஞ்சாலை வேகத்தையும் மனதில் வைத்துச் சொல்கிறார்கள். நகரத்துக்குள் அது சரியில்லை.

இந்த 52,000 ரூபாய்க்காக 140 மணி நேரம் கொடுக்கிறீர்கள். மணிக்கு 370 ரூபாய். பொதுச் சார்ஜரை மட்டும் நம்புவது சரிப்படுமா என்ற கேள்வியை இந்த ஒரு எண்ணாகச் சுருக்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு மணி இருபது நிமிடம் வெளியே போய்வருவதற்கு 370 ரூபாய் விலையே இல்லை. ஆனால் சார்ஜர் இருக்கும் வளாகத்திலேயே நீங்கள் வாரம் இரண்டு முறை உடற்பயிற்சிக்கோ மளிகை வாங்கவோ எப்படியும் போகிறவர் என்றால் அந்த நேரத்தைச் செலவாகவே எண்ண வேண்டியதில்லை. என் ஏழு மாதத்தில் சுகமாக இருந்த இரண்டு மாதம், மகளை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டுப் பக்கத்திலேயே சார்ஜ் போட்ட இரண்டு மாதம்தான். வகுப்பு முடிந்ததும் அந்தச் சுகமும் போய்விட்டது.

பணத்துக்கும் நேரத்துக்கும் அப்பால் ஒன்று இருக்கிறது. அது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. இன்று இங்கே விற்கும் பல மின்சாரக் கார்களில் இருப்பது எல்.எஃப்.பி. என்று சொல்லப்படும் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி. நீண்ட நாள் உழைக்கும், சூட்டைத் தாங்கும், நல்ல பேட்டரி. ஆனால் அதன் மின்னழுத்தம் எழுபது சதவீதத்திலும் நாற்பது சதவீதத்திலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். அதனால் உள்ளே எவ்வளவு மீதி இருக்கிறது என்பதைக் கார் அளந்து சொல்வதில்லை; போனதையும் வந்ததையும் கூட்டிக் கழித்துச் சொல்கிறது. அவ்வப்போது மெதுவாக 100 சதவீதம் வரை ஏற்றினால்தான் அந்தக் கணக்கு நேராகும், செல்களும் ஒன்றோடொன்று சமமாகும். வேகச் சார்ஜரில் எண்பதோடு எழுந்து வந்துகொண்டே இருந்தால் கணக்கு மெல்ல மெல்லத் தப்பும். ஐந்தாவது மாதத்தில் ஒரு நாள் பல்லாவரம் பக்கம் 17 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த என் கார் இரண்டு கிலோமீட்டருக்குள் 8-க்கு இறங்கியது. அன்றைக்கு எப்படியோ வீடு வந்து சேர்ந்தேன். சர்வீஸ் மையத்தில் காரில் பழுது எதுவும் இல்லை என்றார்கள். வீட்டுச் சாக்கெட்டைப் போல மாறுமின்னோட்டம் தரும் மெதுவான ஏ.சி. சார்ஜரில் ஒரு ராத்திரி முழுக்க நிறுத்தி நூறு வரை ஏற்றியதும் சரியாகிவிட்டது.

ஆகவே சொந்த இடம் இல்லாதவருக்கும், பதினைந்து நாளைக்கு ஒரு முறையாவது, ஏழெட்டு மணி நேரம் காரை நிறுத்தி மெதுவாக ஏற்ற ஓர் இடம் வேண்டும். அக்கா வீடு, அலுவலகம், மாமனார் வீட்டு முற்றம், எதுவானாலும் சரி. தங்கைக்கு அது தாம்பரத்து மாமியார் வீட்டில் இருந்தது. அங்கே பம்ப்செட்டுக்குப் போட்ட 15 ஆம்ப் பிளக் வாசலிலேயே இருக்கிறது. இப்படி ஓர் இடம் அறவே இல்லை என்றால் மின்சாரக் கார் வேண்டாம் என்றே சொல்வேன்.

இரண்டாவது வழி அலுவலகச் சார்ஜர். சிறுசேரி வளாகத்தில் மாப்பிள்ளையின் கட்டடத்தில் ஏ.சி. சார்ஜர்கள் இருந்தன. ஏழு கிலோவாட் சார்ஜரில் மதியம் வரை நின்றாலே 24 யூனிட் ஏறிவிடும். நேரச் செலவு இல்லை, மெதுவான சார்ஜும் ஆயிற்று. வீட்டுப் பிளக்குக்கு அடுத்தபடி இதுதான் நல்லது. ஆனால் வீட்டிலிருந்து வேலை என்று ஆனாலோ, வேலை மாறினாலோ, அதே வளாகத்தில் கார்கள் பெருகினாலோ ஒரே நாளில் கைவிட்டுப் போகும். காரை ஏழெட்டு வருடம் வைத்திருப்போம். ஓர் அலுவலகத்தில் அவ்வளவு நாள் இருப்போமா என்பதை அவரவர்தான் சொல்ல வேண்டும். துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது.

மூன்றாவது வழிதான் நான் அதிகம் பேச விரும்புவது. உங்களிடம் பிளக் இல்லை என்பது இன்றைய நிலைமை. அது மாறுமா என்று கேட்டுப் பார்க்காமலே பலர் முடிவெடுத்துவிடுகிறார்கள்.

முதலில், சுவரில் பெரிய சார்ஜர் பொருத்த வேண்டும் என்ற எண்ணத்தை விடுங்கள். ஏசிக்குப் போடுகிற மாதிரி ஒரு 15 ஆம்ப் சாக்கெட் போதும். அதில் மணிக்கு 3 யூனிட்டை ஒட்டி ஏறும். ஏ.சி. சார்ஜில் பத்துப் பன்னிரண்டு சதவீதம் வீணாகும் என்பதால் தங்கைக்கு வாரம் 49 யூனிட் இழுக்க வேண்டும். அதற்குப் பதினாறு மணி நேரம். அதாவது இரண்டே ராத்திரி! வாரத்துக்கு ஏழு ராத்திரி இருக்கிறது. ஸ்டில்ட் பார்க்கிங்கில் விருந்தினர் இடத்தில் ஒரே ஒரு பொதுச் சாக்கெட், அதற்கு ஒரு தனி சப்-மீட்டர் இருந்தால் மூன்று கார்கள் முறை வைத்து ஓட்டலாம். குடியிருப்போர் சங்கத்திடம் "எனக்கு ஒரு சார்ஜர் வேண்டும்" என்று கேட்பதைவிட "பொதுவில் ஒரு சாக்கெட் போடலாம், யூனிட் கணக்குப் பார்த்துப் பணம் தருகிறேன்" என்று கேட்பது எளிது. பொது மின் இணைப்பில் யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல் வரும். அதற்கு மேல் இரண்டு ரூபாய் பராமரிப்புக்கு என்று கொடுத்தாலும் பொதுச் சார்ஜரில் பாதிதான்.

எங்கள் கட்டடத்தில் 24 வீடு. முதல் கூட்டத்தில் மறுத்துவிட்டார்கள். தீப்பிடிக்கும் என்று பயம். அந்தப் பயத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். ஆனால் பார்க்க வேண்டியது வயரிங்கை. எட்டு மணி நேரம் நிற்காமல் 13 ஆம்பியர் ஓடுவதற்கு நம் வீட்டுச் சாதாரண வெள்ளைப் பிளாஸ்டிக் சாக்கெட்கள் தோதானவை அல்ல. உள்ளே கவ்வும் பித்தளை கொஞ்சம் தளர்ந்திருந்தாலே அந்த இடம் சூடாகி, பழுப்பேறி, உருகத் தொடங்கும். சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கின் மேல்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு, கருகல் வாசனை, பழுப்பு நிறம் என்று எது தெரிந்தாலும் அந்தச் சாக்கெட்டை அன்றே நிறுத்திவிட வேண்டும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனையும் அழைத்துக்கொண்டு இரண்டாவது கூட்டத்துக்குப் போனேன். சம்மதித்தார்கள்.

செய்தது இதுதான். மீட்டர் அறையில் என் வீட்டு மீட்டருக்குப் பின்னாலிருந்து தனி கேபிள். தூரம் 40 மீட்டர் என்பதால் 6 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி. நாலு போதும், சூடும் அழுத்த இழப்பும் குறையட்டும் என்று ஒரு படி மேலே போனோம். மீட்டர் பக்கத்தில், அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானே அணையும் 20 ஆம்ப் எம்.சி.பி.யும், மின்கசிவு வந்தால் அணையும் 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி.யும். முனையில் உலோகப் பெட்டிக்குள் இருக்கும் தொழிற்சாலை வகை சாக்கெட். எர்த் சரியாக இல்லாவிட்டால் காரோடு தரும் சார்ஜர் சிவப்பு விளக்குக் காட்டி ஏற்ற மறுத்துவிடும், ஆகவே அதை முதலிலேயே சோதித்தோம். சாக்கெட்டைத் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் வைத்தோம். 2015-லும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரியில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அடித்தள பார்க்கிங் உள்ளவர்கள் இதை இன்னும் கவனமாக யோசிக்க வேண்டும். எல்லாம் சேர்த்து எனக்கு 18,000 ரூபாய் ஆனது.

சட்டமும் ஓரளவு நம் பக்கம் இருக்கிறது. வீட்டில் இருக்கும் மின் இணைப்பிலேயே காரை ஏற்றிக்கொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகத்தின் 2022 ஜனவரி வழிகாட்டுதலே சொல்லிவிட்டது. மின்சாரக் காருக்கென்று தனி இணைப்பும் கேட்டு வாங்கலாம் என்று 2024 பிப்ரவரியில் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தினார்கள். ஆனால் பொதுச் சுவரில் கேபிள் போக வேண்டும், பொதுத் தூணில் பெட்டி மாட்ட வேண்டும் என்றால் நடைமுறையில் சங்கத்தின் சம்மதம் இல்லாமல் நடக்காது. அரசு உத்தரவைக் காட்டி மிரட்டுவதைவிட எலக்ட்ரீஷியனைக் கூட்டிப் போவது பலன் தரும்.

வீட்டு மீட்டரில் ஏற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். நம் மின்வாரியக் கட்டணம் இரண்டு மாதத்துக்குப் படிப்படியாக ஏறும். கார் இழுக்கும் யூனிட்டெல்லாம் மேல்படியில்தான் போய் உட்காரும். ஏற்கெனவே இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடும் வீட்டில் காருக்கு ஒரு 425 சேர்ந்தால் அந்த யூனிட்கள் சராசரியாகப் பத்து ரூபாய்க்கு வந்து நிற்கும். அப்படியும் தங்கையின் 280 கிலோமீட்டருக்கு வாரம் 490 ரூபாய். பெட்ரோலில் கால்வாசி.

அவர்கள் கதைக்கு வருகிறேன். வீட்டுக்காரர் ஆட்சேபிக்கவில்லை, சங்கம் மறுத்துவிட்டது. "இன்னும் யாரும் வாங்கலை, உங்களுக்காக மட்டும் எப்படி" என்று பதில். ஒப்பந்தம் பதினொரு மாதம். அடுத்த வீடு எந்தக் கட்டடத்தில் என்றே தெரியாது. கேபிளில் போடும் பணம் போனாலும் போகட்டும், ஒவ்வொரு புதுச் சங்கத்திடமும் இதே பேச்சை முதலிலிருந்து பேச வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களுக்கு இது பெரிய பாரம் என்பதை நான் உணராமல் இல்லை.

அதனால் ஒரு வேலை சொன்னேன். கார் வாங்குவதற்கு முன், இரண்டு வாரம், பழைய பெட்ரோல் காரிலேயே சார்ஜர்களுக்குப் போய்வாருங்கள். நீங்கள் உண்மையில் ஏற்றப் போகும் நேரத்துக்கே போங்கள்; காலை பதினோரு மணிக்குப் போய்ப் பார்த்தால் எல்லாம் காலியாகத்தான் இருக்கும். எத்தனை துப்பாக்கி, எத்தனை வேலை செய்கிறது, முன்னால் எத்தனை கார், அந்த இடத்தைப் பெட்ரோல் கார் மறித்து நிற்கிறதா, ராத்திரியில் தனியாக நிற்கப் பயமில்லாத இடமா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆப்பில் "காலி" என்று காட்டுவதும் நேரில் இருப்பதும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். பிளக்ஷேர் போன்ற ஆப்பில் கடைசியாக யார் எப்போது வெற்றிகரமாக ஏற்றினார் என்று பதிந்திருப்பது, பச்சைப் புள்ளியைவிட நம்பத் தகுந்தது.

பத்துத் தடவை போனார்கள். ஆறு தடவை உடனே இடம் கிடைத்தது. இரண்டு தடவை அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். ஒரு தடவை இயந்திரம் இயங்கவில்லை. ஒரு தடவை மழை; திறந்த வெளியில் குடை பிடித்துக்கொண்டு நின்ற ஒருவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

பெட்ரோலிலேயே தொடர்வது, ஹைப்ரிட் வாங்குவது என்ற மற்ற இரண்டையும் அப்போதுதான் எடுத்து வைத்துப் பார்த்தோம். முழு ஹைப்ரிட் கார்களைப் பிளக்கில் செருக வேண்டியதில்லை. பிரேக் பிடிக்கும்போதும் இன்ஜின் ஓடும்போதும் தானே ஏற்றிக்கொண்டு, நெரிசலில் மோட்டாரில் ஊர்ந்து போகும். நகரத்தில் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்தால் வாரம் 14 லிட்டர், 1,414 ரூபாய். பொதுச் சார்ஜரை மட்டும் நம்பிய மின்சாரக் காரைவிட வாரம் 400 ரூபாய் அதிகம். அந்த 400 ரூபாய்க்கு வாரம் இரண்டு மணி நாற்பது நிமிடம் கையில் நிற்கிறது. வீட்டில் பிளக் இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. பிளக் இல்லாத இடத்தில் ஹைப்ரிட் நிஜமான போட்டி. சி.என்.ஜி. இன்னும் மலிவு, ஆனால் சிலிண்டர் டிக்கியைத் தின்றுவிடும், அங்கேயும் வரிசை உண்டு. கைக்குழந்தையின் தள்ளுவண்டிக்கு இடம் வேண்டும் என்று தங்கை அதை உடனே தள்ளிவிட்டாள்.

நீண்ட பயணம் பற்றி மாப்பிள்ளை கேட்டார். நெடுஞ்சாலையில் எல்லா மின்சாரக் காரும் ஒரே சார்ஜர்களைத்தான் நம்புகின்றன. வீட்டில் பிளக் இருப்பவர் அதிகாலை ஐந்து மணிக்கு நூறு சதவீதத்தோடு தஞ்சாவூருக்குக் கிளம்புவார், இல்லாதவர் முந்தைய நாள் ராத்திரி சார்ஜரில் போய் உட்கார்ந்து வர வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான். பொங்கல், தீபாவளிக்கு முந்தின நாள் ஜி.எஸ்.டி. சாலையில் இருவருக்கும் ஒரே வரிசை.

வாரம் 100, 120 கிலோமீட்டர்தான் ஓட்டுவேன் என்பவருக்கு என் பதில் வேறாக இருந்திருக்கும். அவருக்கு வாரம் பதினேழு பதினெட்டு யூனிட் போதும். பத்து நாளைக்கு ஒரு வேகச் சார்ஜும் எப்போதாவது உறவினர் வீட்டில் ஒரு ராத்திரியும் போட்டால் தீர்ந்தது. அவர் தாராளமாக மின்சாரக் காரே வாங்கலாம். வாரம் 400 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவர் வீட்டிலோ அலுவலகத்திலோ உறுதியான சாக்கெட் இல்லாமல் வாங்கினால் ஆறு மாதத்தில் விற்கப் பார்ப்பார். தங்கை வீட்டின் 280 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

அவர்கள் ஹைப்ரிட்டுக்கு முன்பணம் கட்டினார்கள். கட்டிய மறுவாரம் தங்கை போன் செய்தாள். மேல்மாடியில் ஒருவர் மின்சாரக் கார் புக் செய்திருக்கிறாராம், அவரும் சங்கத்திடம் கேட்டிருக்கிறாராம். "உன் எலக்ட்ரீஷியன் நம்பரை அனுப்பு, நானும் அவரோட கூட்டத்துக்குப் போறேன்" என்றாள்.